கையெழுத்துக்குப் பின் சொன்ன வார்த்தை செல்லுமா?

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்ததும் நம் கண் முதலில் சம்பளத்துக்குப் போகும். அடுத்து நோட்டீஸ் காலம், லீவு. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக் கோட்டுக்குச் சற்று மேலே இரண்டு வரிகள் இருக்கும். அவற்றைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் குறைவு. இன்டர்வியூவில் தந்த வாக்கும், ஆறு மாதம் கழித்து மேனேஜர் போனில் தந்த வாக்கும் பணமாக மாறுமா என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டு வரிகள்தான் தீர்மானிக்கின்றன.

முதல் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இரு தரப்புக்கும் இடையிலான முழு உடன்பாடும் இந்த ஆவணத்தில் உள்ளது. இதற்கு முன் எழுத்திலோ வாய்மொழியாகவோ நடந்த பேச்சுகள், உறுதிமொழிகள் அனைத்துக்கும் பதிலாக இது அமைகிறது." என்டயர் அக்ரிமென்ட் கிளாஸ் என்று ஹெச்.ஆர். சொல்வது இதைத்தான். முழு ஒப்பந்தப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது வரி: "இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் ஒழிய, இந்த ஒப்பந்தத்தில் செய்யும் எந்த மாற்றமும் செல்லாது." இது வாய்மொழி மாற்றத் தடைப் பிரிவு.

இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் வேலை வேறு. முதலாவது, நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளுக்கு முன்னால் சொன்னதையெல்லாம் துடைக்கிறது. இரண்டாவது, அந்த நாளுக்குப் பின்னால் சொல்லப்போவதற்குத் தடை போடுகிறது. அதனால் "எனக்கு வாக்குக் கொடுத்தார்கள்" என்று யார் வந்தாலும், விவரம் தெரிந்த வக்கீல் முதலில் கேட்பது "எந்தத் தேதியில்?" என்றுதான். கையெழுத்துக்கு முன்பா, பின்பா என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

முன்னால் சொன்னது: பெரும்பாலும் போச்சு

"ஒரு வருஷம் ஆகட்டும், கம்பெனி கார் தந்துடறோம்" என்று இன்டர்வியூவில் சொன்னார்கள். ஆர்டரில் கார் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கேட்க முடியுமா?

எழுதிய ஒப்பந்தம் ஒன்று இருந்தால், அதற்கு முரணாகவோ கூட்டியோ குறைத்தோ வாய்மொழிச் சாட்சியம் கொண்டுவரக் கூடாது என்பது இந்தியச் சட்டத்தின் பழைய விதி. இந்திய சாட்சியச் சட்டம் 1872இல் 91, 92ஆம் பிரிவுகளாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 94, 95ஆம் பிரிவுகளாக வருகிறது. எண் மாறியதே தவிர சாரம் மாறவில்லை.

அந்த விதியிலேயே சில விலக்குகள் உண்டு. கார் வாக்குக்குப் பொருந்துவதுபோல் தெரிவது இரண்டாவது விலக்கு: ஆவணம் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்து, அதைப் பற்றித் தனியாக ஒரு வாய்மொழி உடன்பாடு இருந்து, அது ஆவணத்துக்கு முரணாகவும் இல்லை என்றால், அதை நிரூபிக்க அனுமதி உண்டு. ஆர்டர்தான் கார் பற்றிப் பேசவில்லையே, போதாதா?

போதாது. முழு ஒப்பந்தப் பிரிவை எழுதுவதே இந்த வாசலை அடைக்கத்தான். "எல்லாமே இதில் இருக்கிறது" என்று ஆவணம் தானே சொல்லிவிட்டால், கார் விஷயத்தில் அது மௌனம் சாதிக்கிறது என்று சொல்வது கடினம். கார் இல்லை என்றே சொன்னதாகக் கம்பெனி வாதாடும். ஆவணம் எந்த அளவு முறையாக, விரிவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று அந்த விலக்கே சொல்கிறது. பன்னிரண்டு பக்க ஆர்டர் என்றால் உங்கள் பக்கம் அந்த அளவுக்கு இளைக்கும்.

மிஞ்சும் வழி ஒன்றுதான்: ஏமாற்று. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் தரும் வாக்கு, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி மோசடி. மோசடியை நிரூபிக்க முழு ஒப்பந்தப் பிரிவு குறுக்கே நிற்க முடியாது, ஏனென்றால் சாட்சியச் சட்டத்தின் முதல் விலக்கே மோசடிக்காகத்தான் இருக்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்த அன்றே அதைக் காப்பாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை என்று காட்டியாக வேண்டும். பின்னால் மனம் மாறியது, பட்ஜெட் குறைந்தது என்றால் அது மோசடி ஆகாது. அதே வாரத்தில் சேர்ந்த நாலு பேருக்கும் அதே காரை வாக்களித்து ஒருவருக்கும் தரவில்லை, அப்படி ஒரு திட்டமே கம்பெனியில் கிடையாது என்பது போன்ற ஆதாரம் இருந்தால் மட்டும் இந்த வழியில் இறங்கலாம்.

ஆகவே முன்னால் சொன்ன வாக்குக்கு ஒரே மருந்து, கையெழுத்துக்கு முன்பே கேட்பது: "பேசிய கார் விஷயத்தை ஆர்டரில் ஒரு வரியாகச் சேர்த்துத் தர முடியுமா?" சேர்த்தால் நல்லது. "அதெல்லாம் எழுத மாட்டோம்" என்றால், கார் இல்லை என்று வைத்துக்கொண்டு சம்பளத்தைப் பேசுங்கள்.

பின்னால் சொன்னது: கதவு திறந்திருக்கிறது

வேலையில் சேர்ந்த பிறகு தரும் வாக்கின் கதை வேறு. அதே 95ஆம் பிரிவின் நான்காவது விலக்கு, எழுதிய ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ மாற்றவோ பின்னால் ஏற்பட்ட தனி வாய்மொழி உடன்பாட்டை நிரூபிக்கலாம் என்கிறது. இரண்டு நிலைகளில் மட்டும் முடியாது: அந்த ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்தியிருந்தால், அல்லது அது பதிவு செய்யப்பட்ட ஆவணமாக இருந்தால்.

பதிவு ஆவணத்தின் கதிக்கு நம்மூர் வழக்கே இருக்கிறது. சக்திவேல் எதிர் வேணுகோபால் பிள்ளை என்ற தமிழ்நாட்டுக் குடும்பச் சொத்து வழக்கில், பதிவான செட்டில்மென்ட் பத்திரத்தைப் பின்னாளில் குடும்பத்தார் வாய்மொழியாக மாற்றிக்கொண்டார்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. அதற்குச் சாட்சியம் கொண்டுவரவே அனுமதியில்லை என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. வீடு, நிலம், பதிவான குத்தகை என்றால் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

வேலை ஒப்பந்தத்தை யாரும் ரிஜிஸ்தர் ஆபீசில் பதிவதில்லை. வேலைக்கான உடன்பாடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று ஒப்பந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே நான்காவது விலக்கு சாதாரண ஊழியருக்குக் கைகொடுக்கும். தொழிலாளர் சட்டம் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கும் இடங்களில், "அப்படியானால் இது எழுத்தில் இருந்தாக வேண்டிய ஒப்பந்தம்" என்று எதிர்த்தரப்பு வாதாடிப் பார்க்கும். கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை, அதைக் காட்டி ஊழியரின் உரிமையைக் குறைக்க முடியாது என்பது உங்கள் பதில்.

சட்டம் வாசலைத் திறந்துவைத்திருக்க, ஆர்டரின் இரண்டாவது வரி அதைப் பூட்டப் பார்க்கிறது. பூட்டு செல்லுமா? இதில் நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது.

லண்டனில் ஒரு போன் பேச்சு

உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் வழக்கு ராக் அட்வர்டைசிங் எதிர் எம்.டபிள்யூ.பி. வேலை ஒப்பந்தம் அல்ல, வாடகைக்கு விட்ட அலுவலக இடம். லண்டன் மார்பிள் ஆர்ச் டவரில் எம்.டபிள்யூ.பி. நிறுவனம் இடம் கொடுக்க, ராக் எடுத்துக்கொண்டது. 2011 நவம்பர் 1 முதல் 12 மாதம். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 3,500 பவுண்டு, அதன் பிறகு 4,433 பவுண்டுக்கு மேல். ஒப்பந்தத்தின் 7.6ஆம் பிரிவில் மேலே சொன்ன இரண்டு வரிகளும் சேர்ந்தே இருந்தன.

2012 பிப்ரவரி கடைசியில் பாக்கி 12,000 பவுண்டைத் தாண்டியது. ராக் நிறுவனத்தின் ஒரே டைரக்டர் பிப்ரவரி 27 அன்று எம்.டபிள்யூ.பி.யின் வசூல் அதிகாரியிடம் போனில் பேசினார். இப்போது குறைத்துக் கட்டி, பின்னர் கூட்டிக் கட்டிப் பாக்கியை அடைக்கிறேன் என்று ஒரு அட்டவணை கொடுத்தார். அந்த அதிகாரி சரி என்று சொன்னதாக ராக் தரப்பு கூறியது. அன்றே 3,500 பவுண்டு கட்டவும் செய்தது. ஆனால் மேலதிகாரி இந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. மார்ச் 30 அன்று கதவைப் பூட்டிவிட்டு, பாக்கிக்கு வழக்குப் போட்டார்கள்.

கீழ் நீதிமன்றம்: போனில் உடன்பாடு ஏற்பட்டது உண்மை, ஆனால் எழுத்தில் இல்லாததால் செல்லாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் திருப்பிப் போட்டது: ஒப்பந்தம் போட்ட இரண்டு பேரும் சேர்ந்து அதை மாற்றலாம் என்றால், "எழுத்தில்தான் மாற்றலாம்" என்ற வரியையும் அவர்களே வாயால் மாற்றலாம்தானே. 2018 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி திருப்பியது. தீர்ப்பை எழுதிய சம்ப்ஷன் பிரபு, தடைப் பிரிவு செல்லும், அதன்படி நடக்காத வாய்மொழி மாற்றம் செல்லாது என்றார். ராக் தோற்றது.

ஊழியர்கள் அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இப்படி ஒரு பிரிவை வைக்கக் கம்பெனிகளுக்கு நியாயமான காரணம் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. யாருக்கு என்ன ஒப்புக்கொள்ள அதிகாரம் உண்டு என்ற உள்விதியைக் காப்பதும் அவற்றில் ஒன்று. வசூல் அதிகாரியின் "சரி"யும் உங்கள் டீம் லீடரின் "பார்த்துக்கலாம்"மும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

மற்றது, நீதிமன்றம் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. வாக்கை நம்பி நடந்துகொண்டவர் நட்டப்படக் கூடாது என்ற எஸ்டாப்பல் கோட்பாடுதான் அது. வெறும் வாக்கு போதாது. "எழுத்தில் இல்லாவிட்டாலும் இது செல்லும்" என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் சொல்லோ செயலோ எதிர்த்தரப்பிடமிருந்து வந்திருக்க வேண்டும். ராக் எடுத்த சிறு நடவடிக்கைகள் அதற்குப் போதவில்லை.

சிங்கப்பூர் வேறு வழி போனது

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் லண்டன் தீர்ப்பைக் கேட்டு ஏமாற வேண்டாம். 2021இல் சார்ல்ஸ் லிம் வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், லண்டன் வழியை ஏற்க மறுத்தது. வழக்கின் முடிவுக்கு அந்தக் கருத்து அவசியப்படவில்லை என்றாலும் நிலைப்பாடு தெளிவு: தடைப் பிரிவு இருந்தால், எழுத்தில் இல்லாத மாற்றம் நடக்கவில்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வோம். நடந்தது என்று வலுவான ஆதாரத்தோடு காட்டினால் ஏற்போம்.

இந்தியாவில் தடைப் பிரிவை வைத்துக் கம்பெனியும், நான்காவது விலக்கை வைத்து ஊழியரும் வாதாட இடம் இருக்கிறது. எஸ்டாப்பல் இங்கேயும் உண்டு. சாட்சியச் சட்டத்தில் 115ஆம் பிரிவாக இருந்தது இப்போது 121. மூன்று நாட்டிலும் விதியின் சொல் வேறானாலும் நடைமுறைப் பாடம் ஒன்றுதான். வாக்கு மட்டும் இருந்தால் தோல்விக்குத் தயாராக இருங்கள். வாக்கோடு, கம்பெனி அதன்படி நடந்ததற்கான தடயமும் இருந்தால் பேச வலு உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனை வழக்கு. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் ஏரியா சேல்ஸ் மேனேஜர். ஆர்டரில் மாதச் சம்பளம் 55,000 ரூபாய், அவர் ஏரியாவில் வசூலாகும் தொகையில் 1% இன்சென்டிவ். இரண்டு வரிகளும் உண்டு. மாற்றம் என்றால் எழுத்தில், டைரக்டர் கையெழுத்தோடு வேண்டும் என்று இரண்டாவது வரி சொல்கிறது.

ஜூன் 28. ஜெனரல் மேனேஜர் போனில் கூப்பிடுகிறார். "திருச்சியைப் பாத்துக்கிட்டிருந்த தம்பி போயிட்டாரு. அதையும் சேத்து நீங்க பாருங்க. ஜூலையிலிருந்து ஒன்றரை பர்சன்ட் போடச் சொல்லிடறேன்." இவர் ஒப்புக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் திருச்சிக்கு ஓடுகிறார். இரண்டு ஏரியாவும் சேர்த்து மாதம் 20 லட்சம் வசூல். 1% என்றால் 20,000, 1.5% என்றால் 30,000. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் 30,000 வந்தது. செப்டம்பரில் 20,000. கேட்டால் அக்கவுன்ட்ஸில், "ஆர்டர்ல ஒண்ணுதானே சார் இருக்கு?" என்கிறார்கள். பிப்ரவரி வரை ஆறு மாதம் ஓடிவிட்டது. பாக்கி 60,000 ரூபாய்.

போன் பேச்சு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால்? நான்காவது விலக்குப்படி சாட்சியம் சொல்ல அனுமதி கேட்கலாம். ஆனால் அவர் சொன்னார் என்று இவரும், சொல்லவில்லை என்று ஜி.எம்.மும் சொல்வார்கள். நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவர் தலையில். தடைப் பிரிவும் எதிரில் நிற்கிறது. இந்த நிலையில் ஜெயிப்பது கஷ்டம்.

அன்று மாலையே இவர் ஒரு மெயில் போட்டு, ஜி.எம். "ஓகே, நோட்டட்" என்று பதில் போட்டிருந்தால்? என்ன பேசினார்கள் என்ற சண்டை முடிந்தது. 'எழுத்தில்' என்ற நிபந்தனையை மெயில் பூர்த்தி செய்கிறது என்றும் வாதாடலாம். மெயில் மூலம் ஏற்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. பாக்கி நிற்கும் முட்டுக்கட்டை, டைரக்டர் கையெழுத்து.

அதோடு இரண்டு மாதப் பே ஸ்லிப்பில் 'இன்சென்டிவ் 1.5%' என்று அச்சாகியிருந்தால்? இங்கேதான் வழக்கு திரும்புகிறது. சம்பளப் பட்டியலை நிர்வாகம் பார்த்துத்தான் பணம் போகிறது. அப்படியானால் ஜி.எம். தன்னிச்சையாக உளறியதல்ல, கம்பெனியே மாற்றத்தை ஏற்று நடந்தது. இவரும் திருச்சி என்ற கூடுதல் வேலையைச் சுமந்தார். இலவசமாகத் தந்த வாக்கல்ல, வேலைக்கு ஈடாகத் தந்தது. "அது நல்லெண்ணத்தில் கொடுத்த எக்ஸ்ட்ரா" என்று கம்பெனி சொல்லலாம். ஸ்லிப்பில் போட்ட சதவீதமும், திருச்சியை ஒப்படைத்த தேதியும் அதற்குப் பதில் சொல்லும்.

பே ஸ்லிப்பில் வெறும் 'இதர படி' என்று போட்டிருந்தால் இந்த வலுவில் பாதி போய்விடும். பணம் வந்த முதல் மாதமே ஸ்லிப்பில் எந்தத் தலைப்பில் வந்தது என்று பாருங்கள். தலைப்பு தவறாக இருந்தால் அன்றே அக்கவுன்ட்ஸுக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

அன்றே அனுப்ப வேண்டிய மெயில்

மெயில் நீளமாக இருக்க வேண்டாம், சண்டைத் தொனியும் வேண்டாம். வாக்கு, தேதி, தொகை, நீங்கள் செய்யப்போவது, கடைசியில் ஒரு கேள்வி. இப்படி:

"சார், வணக்கம். இன்று காலை போனில் பேசியபடி ஜூலை 1 முதல் திருச்சி ஏரியாவையும் நான் கவனித்துக்கொள்கிறேன். இரண்டு ஏரியாவின் மொத்த வசூலுக்கும் ஜூலை முதல் 1.5% இன்சென்டிவ் என்று சொன்னீர்கள். இந்த அடிப்படையில் திங்கட்கிழமை பொறுப்பேற்கிறேன். ஆர்டரை மாற்ற டைரக்டர் கையெழுத்து வேண்டும் என்று இருப்பதால், இதற்குத் தனிக் கடிதம் வருமா, இந்த மெயிலே போதுமா என்று சொல்லுங்கள்."

கடைசிக் கேள்விதான் இதில் முக்கியம். "கடிதம் வரும்" என்றால் கடிதத்தைக் கேட்டு வாங்கலாம். "இதுவே போதும்" என்றால், எழுத்து முறை இல்லாமலே இந்த மாற்றம் செல்லும் என்று கம்பெனித் தரப்பே சொன்னதாகிறது. லண்டன் நீதிமன்றம் கேட்ட அந்தக் கூடுதல் சொல் கிட்டத்தட்ட இதுதான். பதிலே வரவில்லை என்றால், பொறுப்பேற்கும் முன் ஹெச்.ஆரையும் சேர்த்து ஒருமுறை நினைவூட்டுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை எங்கிருந்து அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். ரிசைன் செய்த அன்று மாலையே ஆபீஸ் மெயில் பூட்டிவிடும். உங்கள் சம்பளம் பற்றிய கடிதத்தை உங்கள் சொந்த முகவரியிலிருந்தே ஹெச்.ஆருக்கும் ஜி.எம்.முக்கும் அனுப்பலாம். வாடிக்கையாளர் பட்டியலையும் விலைப் பட்டியலையும் சொந்த முகவரிக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். அது உங்கள் மேலேயே நடவடிக்கை எடுக்கக் காரணமாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி உட்கார வேண்டாம். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். சாட்டை அழிக்காதீர்கள். போனை மாற்றினால் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

சறுக்கும் இடங்கள்

சொன்னவர் யார்? சம்பளத்தை மாற்ற அதிகாரம் உள்ளவரா? அதிகாரம் இல்லாதவரை அதிகாரம் உள்ளவர்போல் கம்பெனியே நம்பவைத்திருந்தால், அவர் சொன்னது கம்பெனியைக் கட்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆம் பிரிவு. ஏரியா, டார்கெட், இன்சென்டிவ் எல்லாம் வழக்கமாக ஜி.எம். வழியாகத்தான் உங்களுக்கு வருகிறது என்றால் இது உதவும். ஆனால் டைரக்டர் கையெழுத்து வேண்டும் என்று ஆர்டரிலேயே படித்துக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். "எனக்குத் தெரியாது" என்று அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது.

சொன்னது என்ன? "உங்களைக் கவனிச்சுக்கறோம்", "அடுத்த அப்ரைசல்ல நல்லாப் பண்ணிடலாம்" என்பதெல்லாம் எவ்வளவு, எப்போது என்று சொல்லாத பேச்சு. நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட அதில் பிடி கிடையாது. அப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே "எத்தனை சார், எந்த மாதத்திலிருந்து?" என்று கேட்டு எண்ணாக்கிவிடுங்கள். போனஸ் என்றால் 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்ற சொல் ஆர்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், மேனேஜர் சொன்ன தொகையும் அந்த விருப்பத்துக்கு உட்பட்டதுதான் என்று வாதம் வரும்.

மூன்றாவது சறுக்கல்தான் அதிகம் பேரை வீழ்த்துகிறது. ஏப்ரலில் இன்க்ரிமென்ட் லெட்டர் வரும். சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். அதன் அடியில் "இதற்கு முந்தைய அனைத்து உடன்பாடுகளுக்கும் பதிலாக இது அமைகிறது" என்று மறுபடி அதே முதல் வரி இருக்கும். அந்த நொடியில், பின்னால் சொன்ன வாக்காக இருந்தது முன்னால் சொன்ன வாக்காகிவிடுகிறது. கையெழுத்துத் தேதி நகர்ந்துவிட்டது. ஜூனில் பேசிய 1.5% ஏப்ரல் கடிதத்தில் இல்லை என்றால், ஏப்ரலுக்குப் பிறகு அதைக் கேட்பது காரைக் கேட்பதுபோல்தான். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட 60,000 ரூபாய் பாக்கியையும் அந்தக் கையெழுத்தைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். அதனால் எந்தப் புதிய கடிதத்திலும் கையெழுத்திடும் முன், நடப்பில் இருக்கும் வாய்மொழி ஏற்பாடுகளை ஒரு பட்டியலாக எழுதி, "இவையும் சேர்ந்து வருமா?" என்று கேளுங்கள். சேர்க்க மறுத்தால், ஜூன் 28 ஏற்பாடு தொடர்கிறது, பாக்கியும் நிற்கிறது என்ற புரிதலில் கையெழுத்திடுவதாக அன்றே மெயில் போடுங்கள். எழுதிச் சேர்த்த அளவு வலு அதற்கு இல்லை. ஆனால் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல விடாது.

வேலையை விடும்போது வரும் ஃபுல் அண்ட் ஃபைனல் தாளும் இதே ரகம். "எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டு, அடுத்த மாதம் இன்சென்டிவ் பாக்கி கேட்டால் நீங்களே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. பாக்கித் தொகையை அந்தத் தாளிலேயே குறிப்பிட்டு, அது நீங்கலாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அதே வரி உங்களுக்கும் காவல்

இரண்டாவது வரியை எதிரியாக மட்டும் பார்க்க வேண்டாம். "போன மாசம் மீட்டிங்ல எல்லாரும் பத்து பர்சன்ட் குறைச்சுக்க ஒத்துக்கிட்டீங்களே" என்று நிர்வாகம் சொன்னால், "என் கையெழுத்து எங்கே?" என்று கேட்கும் உரிமையை அதே வரி உங்களுக்கும் தருகிறது. நோட்டீஸ் காலத்தை 60 நாளிலிருந்து 90 நாளாக்கியதாக வாய்மொழியாகச் சொன்னாலும் அப்படித்தான். ஆனால் இங்கேயும் நடத்தை பேசும். குறைத்த சம்பளத்தை எட்டு மாதம் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டால், நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவர்கள் சொல்ல இடம் கொடுத்ததாகும். ஒப்புதல் இல்லை என்றால் முதல் மாதமே எழுத்தில் சொல்லுங்கள்.

தாமதமாகத்தான் தெரிந்தது என்றால்

மெயில் போடவில்லை, மாதங்கள் ஓடிவிட்டன. இப்போதும் செய்யக்கூடியது உண்டு. முதலில் ஆர்டரை எடுத்து இரண்டாவது வரியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். 'எழுத்தில்' என்று மட்டும் இருக்கிறதா, 'கையெழுத்தோடு' என்றும் இருக்கிறதா, யார் கையெழுத்து, மெயில் எழுத்தாகாது என்று ஏதாவது போட்டிருக்கிறதா? சில ஆர்டர்களில் அந்த வரியே இருக்காது. இருந்தால் அதற்கேற்ப ஆதாரம் தேட வேண்டும்.

அடுத்து, தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள்: யார், என்று, என்ன சொன்னார், அதை நம்பி நீங்கள் என்ன செய்தீர்கள், கம்பெனி என்ன செய்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். பே ஸ்லிப், பாங்க் ஸ்டேட்மென்ட், டூர் பில், டார்கெட் ஷீட், உங்களைத் திருச்சிக்குப் பொறுப்பாளர் என்று டீலர்களுக்கு அனுப்பிய அறிவிப்பு, எல்லாம் பேசும். வாக்கு எழுத்தில் இல்லாவிட்டாலும், வாக்கின்படி நடந்தது எங்காவது எழுத்தில் இருக்கும்.

அந்தத் தாளை வைத்து ஜி.எம்.முக்கு ஒரு மெயில் எழுதுங்கள். ஜூன் 28 பேச்சை நினைவூட்டி, செப்டம்பர் முதல் ஏன் குறைந்தது என்று மட்டும் கேளுங்கள். "பட்ஜெட் இல்லாததால் செப்டம்பரிலிருந்து நிறுத்தினோம்" என்று பதில் வந்தால், அதுவரை ஏற்பாடு இருந்தது என்பதை அவரே எழுதித் தந்துவிட்டார். அதன் பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதா, தொழிலாளர் துறைக்குப் போவதா, சிவில் நீதிமன்றமா என்பது உங்கள் பதவியைப் பொறுத்தது. மேனேஜர் நிலையில் இருப்பவர்களுக்குத் தொழிலாளர் துறையின் வழி பல நேரம் அடைபட்டிருக்கும்.

பணத்துக்கான உரிமை வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுக் கெடு, ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் அந்தந்த மாதத்திலிருந்து ஓடும். செப்டம்பர் பாக்கியின் கடிகாரம் முதலில் முடியும். வக்கீலிடம் போகும்போது ஆர்டர், அதன் பிறகு கையெழுத்திட்ட ஒவ்வொரு கடிதம், தேதி எழுதிய தாள் மூன்றையும் கொண்டுபோங்கள். அவர் முதலில் பார்க்கப்போவது, வாக்குக்குப் பிறகு நீங்கள் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்பதை.